நிபந்தனை எச்சமும் ‘உம்’ ஏற்ற எச்சமும் முதன்மை வினையோடு பொருந்த எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

“விண்ணப்பம் தாமதமாக வந்தால் நிராகரிக்கப்பட்டது” என்று ஒரு கடிதத்தில் இருந்தால் படிப்பவர் அந்த இடத்தில் நின்றுவிடுவார். ‘வந்தால்’ என்னும் எச்சம் இன்னும் நடவாத ஒன்றைச் சொல்கிறது. ‘நிராகரிக்கப்பட்டது’ என்னும் முற்று நடந்து முடிந்ததைச் சொல்கிறது. எழுதியவர் ‘வந்ததால்’ என்று எழுத நினைத்து ஒரு தகரத்தை விட்டுவிட்டாரா, ‘நிராகரிக்கப்படும்’ என்று எழுத நினைத்து முற்றை மாற்றிவிட்டாரா என்பதைத் தொடரை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல இயலாது. முதலாவது, குறிப்பிட்ட ஒரு விண்ணப்பத்துக்குக் கிடைத்த முடிவு. இரண்டாவது, எல்லோருக்குமான விதி. அறிவிப்பு, ஒப்பந்தம், அலுவலகக் கடிதம், அறிக்கை ஆகியவற்றில் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அமையும்.

இங்கே இரண்டு வகை எச்சங்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ‘வந்தால்’, ‘வரின்’, ‘வருவாராயின்’, ‘வராவிடில்’ போன்றவை நிபந்தனையைச் சொல்கின்றன. ‘வந்தாலும்’, ‘வரினும்’, ‘வந்தும்’, ‘வந்தபோதிலும்’ போன்றவை, ஒரு தடை இருந்தும் அல்லது எதிர்பார்ப்பு ஒன்று இருந்தும் முதன்மை வினை அதற்கு மாறாக அமைவதைச் சொல்கின்றன. இரண்டாம் வகையின் எல்லா வடிவங்களிலும் ஈற்றில் ‘உம்’ நிற்பதால் அவற்றை ‘உம் ஏற்ற எச்சம்’ என்றே குறிப்பிடுகிறேன்.

முதற்படி: எச்சம் எந்த வினையோடு முடிகிறது என்று காணுதல்

பொருத்தம் பார்ப்பதற்கு முன் இணை எது என்று தெரிய வேண்டும். தமிழில் முற்று பெரும்பாலும் தொடரின் கடைசியில் நிற்பதால், எச்சம் கடைசி முற்றோடுதான் முடியும் என்று நினைத்துவிடுகிறோம். பல தொடர்களில் அப்படி இல்லை.

“மழை பெய்தால் விழா ஒத்திவைக்கப்படும் என்று செயலாளர் அறிவித்தார்” என்னும் தொடரில் கடைசி வினை இறந்தகாலத்தில் உள்ளது. ஆனாலும் தொடரில் பிழை இல்லை. ‘பெய்தால்’ என்பதற்கு இணை ‘ஒத்திவைக்கப்படும்’ என்பதே, ‘அறிவித்தார்’ அன்று. “மழை பெய்தால் விழாவை ஒத்திவைக்க முடிவு செய்தனர்” என்பதில் ‘ஒத்திவைக்க’ என்னும் எச்சமே இணை. “மழை பெய்தால் ஒழுகும் கூரையை மாற்றினர்” என்பதில் ‘ஒழுகும்’ என்னும் பெயரெச்சம் இணை. மூன்றிலும் நிபந்தனை ஒரு சிறிய வட்டத்துக்குள் முடிந்துவிடுகிறது. வெளியில் உள்ள முற்று எக்காலத்தில் இருந்தாலும் அதற்குத் தொடர்பில்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எச்சத்தை எடுத்துக்கொண்டு “அப்போது என்ன ஆகும்?” என்று கேளுங்கள். எந்தச் சொல் விடையாக வருகிறதோ அதுவே இணை. தொடர் நீளும்போது இந்தக் கேள்வி மிகவும் உதவும்; எழுதியவரே எச்சத்தை மறந்துவிட்டு வேறு வினையில் கொண்டுபோய் முடிக்கும் இடங்கள் நீண்ட தொடர்களில்தான் மிகுதி.

இரண்டாம் படி: நடக்கலாம், நடந்தது, நடக்கவில்லை என்னும் மூன்றில் எது?

ஈற்றைத் தேர்வு செய்வதற்கு முன், எச்சம் சொல்லும் செய்தி உலகில் எந்த நிலையில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அது இனி நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்பது ஒரு நிலை. அது உண்மையில் நடந்துவிட்டது என்பது மற்றொன்று. அது நடக்கவில்லை என்று தெரிந்திருந்தும் நடந்ததாகக் கற்பனை செய்து பேசுவது மூன்றாவது. பொருத்தப் பிழைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால் வருகின்றன.

‘வந்தால்’ என்னும் வடிவம் இறந்தகால இடைநிலையைக் கொண்டிருப்பது குழப்பத்துக்கு ஒரு காரணம். ‘வந்தான்’ என்பதில் உள்ள அதே ‘வந்த்’ இதிலும் உண்டு. ஆனால் நிபந்தனையில் அது இறந்தகாலத்தைக் குறிப்பதில்லை. “நாளை வந்தால்” என்று தயங்காமல் சொல்கிறோம். பழைய வடிவமான ‘வரின்’ இன்னும் தெளிவானது. 13ஆம் நூற்றாண்டின் இலக்கண நூலான நன்னூல், வினையெச்ச வாய்பாடுகளை வரிசைப்படுத்தும்போது ‘செயின்’ என்பதை எதிர்காலத்துக்கு உரியதாகவே வைக்கிறது. அதாவது, நிபந்தனை எச்சம் இயல்பில் முன்னோக்கிப் பார்ப்பது. அதற்கு இணையாக நிற்கும் வினையும் முன்னோக்கியே இருக்க வேண்டும்.

ஆகவே ‘ஆல்’, ‘இன்’ ஈறுகளோடு பொருந்தும் முதன்மை வினைகள் இவை: ‘நடைபெறும்’, ‘வழங்கப்படும்’ போன்ற எதிர்கால முற்று, ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘இயலாது’, ‘செய்யலாம்’ போன்றவை, ‘தெரிவிக்கவும்’, ‘தெரிவிக்க’, ‘தெரிவியுங்கள்’ போன்ற ஏவலும் வேண்டுகோளும். அடிக்கடி நிகழ்வதைச் சொல்லும்போது நிகழ்காலமும் பொருந்தும்: “மழை பெய்தால் இத்தெருவில் நீர் தேங்குகிறது.” பழைய வழக்கத்தைச் சொல்லும்போதுகூட இறந்தகால முற்று தேவைப்படுவதில்லை. “மழை பொய்த்தால் ஊரார் ஏரிக்கரையில் கூடுவர்” என்று எதிர்கால வடிவமே கடந்தகால வழக்கத்தையும் சொல்லிவிடும். ஐயம் எழும் என்று தோன்றினால் ‘அந்நாளில்’ என்ற சொல்லைச் சேர்த்து, ‘கூடுவது வழக்கமாக இருந்தது’ என்று முடிக்கலாம்.

ஒருமுறை நடந்து முடிந்த நிகழ்ச்சியைச் சொல்லும் இறந்தகால முற்று மட்டும் ‘ஆல்’ ஈற்றோடு பொருந்தாது. பேச்சில் “போய்ப் பார்த்தால் வீடு பூட்டியிருந்தது” என்கிறோம். கதைகளிலும் அது அழகாகவே அமையும். ஆனால் ஆய்வறிக்கையில் “அலுவலர் சென்று பார்த்தால் கிடங்கு பூட்டப்பட்டிருந்தது” என்று எழுதுவது பேச்சை அப்படியே இறக்கியதாகும். அங்கே ‘பார்த்தபோது’ என்பதே முறை.

மூன்றாம் படி: ‘இருந்தால்’ வரும் இடத்தில் சற்று நின்று பார்த்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருப்பவருக்கு நான் இதைத்தான் காட்டுவேன். ‘செலுத்தியிருந்தால்’, ‘வந்திருந்தால்’ போன்ற வடிவங்கள் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன; எந்த வேலை என்பதை முதன்மை வினைதான் முடிவு செய்கிறது.

“கட்டணத்தை ஏற்கெனவே செலுத்தியிருந்தால் இவ்வறிவிப்பைப் பொருட்படுத்த வேண்டாம்.” இங்கே செலுத்தினாரா இல்லையா என்பது எழுதுபவருக்குத் தெரியாது. செலுத்தியிருக்கலாம், செலுத்தாமலும் இருக்கலாம். “கட்டணத்தை உரிய நாளில் செலுத்தியிருந்தால் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்காது.” இங்கே அவர் செலுத்தவில்லை என்பது உறுதி, இணைப்பும் துண்டிக்கப்பட்டுவிட்டது. எச்சத்தின் வடிவம் இரண்டிலும் ஒன்றே. முதலாவதில் ‘வேண்டாம்’ என்பது வாயிலைத் திறந்து வைக்கிறது. இரண்டாவதில் ‘துண்டிக்கப்பட்டிருக்காது’ என்பது அதை மூடிவிடுகிறது.

ஆகவே, நடவாததைக் கற்பனை செய்து பேசும்போது இருபுறமும் ‘இரு’ வர வேண்டும்: ‘வந்திருந்தால் நடந்திருக்கும்’, ‘வந்திருந்தால் நடந்திருக்காது’ அல்லது ‘நடந்திராது’. ஒருபுறம் மட்டும் விட்டுவிட்டால் பொருள் சாய்ந்துவிடும். “சென்ற ஆண்டு போதிய நிதி கிடைத்தால் கட்டடம் முடிந்திருக்கும்” என்பது முன்பாதியில் குறைபட்டது. “போதிய நிதி கிடைத்திருந்தால் கட்டடம் முடியும்” என்பது பின்பாதியில் குறைபட்டது. இதில் நிதி கிடைத்ததா இல்லையா என்பதே ஐயமாகிவிடுகிறது. “போதிய நிதி கிடைத்திருந்தால் கட்டடம் சென்ற ஆண்டே முடிந்திருக்கும்” என்பதே நிறைவான தொடர்.

எதிர்மறையில் இது இன்னும் நுட்பமாகும். ‘வராவிட்டால்’ என்பது இனி நடக்கக்கூடியதைச் சொல்கிறது. நடந்து முடிந்ததைப் பற்றி மாற்றிக் கற்பனை செய்யும்போது ‘வராமல் இருந்திருந்தால்’ அல்லது ‘வந்திராவிட்டால்’ என்று எழுத வேண்டும். “தீயணைப்புத் துறையினர் உடனே வந்திராவிட்டால் சேதம் மிகுதியாகியிருக்கும்” என்னும் தொடரில் அவர்கள் வந்தார்கள், சேதம் மிகவில்லை என்னும் இரண்டு செய்திகளும் சொல்லாமலே விளங்குகின்றன.

திறந்த நிலையைச் சொல்லும் இடத்தில் நான் ‘செலுத்தியிருப்பின்’ என்று எழுதுவதையே விரும்புகிறேன். ‘செலுத்தியிருந்தால்’ என்பதைக் கற்பனை நிபந்தனைக்கு ஒதுக்கிவிட்டால், படிப்பவர் தொடரின் கடைசிவரை காத்திராமல் எச்சத்தைக் கண்டதுமே பொருளை அறிந்துகொள்வார். இது கட்டாய விதி அன்று. எழுதும்போது வசதியாக இருக்கும் ஒரு பங்கீடு, அவ்வளவே.

நான்காம் படி: ‘உம்’ ஏற்ற எச்சங்களைப் பிரித்து அறிதல்

நிபந்தனையைவிட இங்கே பிழைகள் மிகுதி. ஏனெனில் ‘பெய்தாலும்’, ‘பெய்யினும்’, ‘பெய்தும்’, ‘பெய்தபோதிலும்’ ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று மாற்று என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அவை இரண்டு குடும்பங்கள்.

‘பெய்தாலும்’, ‘பெய்யினும்’ ஆகியவை நிபந்தனை எச்சத்தோடு ‘உம்’ சேர்ந்தவை. எனவே நிபந்தனையின் முன்னோக்கு அவற்றிலும் தங்கியிருக்கிறது. “மழை பெய்தாலும் விழா நடைபெறும்” என்பதில் மழை பெய்யுமா என்பது தெரியாது. ‘பெய்தும்’, ‘பெய்தபோதிலும்’ ஆகியவை நடந்துவிட்டதன்மேல் நிற்பவை. “மழை பெய்தும் குளம் நிரம்பவில்லை” என்பதில் மழை பெய்தது உறுதி.

இதிலிருந்து முதன்மை வினையின் பொருத்தம் தானே தெளிவாகிறது. “மழை பெய்தபோதிலும் விழா நடைபெறும்” என்று அடுத்த வாரத்து விழாவுக்கான அழைப்பிதழில் எழுதினால், மழை ஏற்கெனவே பெய்துவிட்டதாகப் படிப்பவர் கொள்வார். “மழை பெய்தும் தவறாது வரவும்” என்பதும் அவ்வாறே பொருந்தாது. ஏவல் வினை இனி நடக்க வேண்டியதைச் சொல்வதால், அதற்கு முன் ‘பெய்தாலும்’ என்றோ ‘பெய்யினும்’ என்றோதான் வர வேண்டும்.

திருக்குறளின் 127ஆம் குறள் இந்தப் பொருத்தத்துக்கு மிகச் செறிவான சான்று:

யாகாவா ராயினும் நாகாக்க காவாக்கால்
சோகாப்பர் சொல்லிழுக்குப் பட்டு.

‘காவாராயினும்’ என்னும் உம் ஏற்ற எச்சம் ‘காக்க’ என்னும் வியங்கோள் வினைமுற்றோடு முடிகிறது. ‘காவாக்கால்’, அதாவது காவாவிட்டால், என்னும் எதிர்மறை நிபந்தனை ‘சோகாப்பர்’ என்னும் எதிர்கால முற்றோடு முடிகிறது. இரண்டு எச்சமும் முன்னோக்கியவை. இரண்டு முடிபும் முன்னோக்கியவை. ‘க்கால்’ ஈறு இன்று உரைநடையில் வழங்குவதில்லை. பொருத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.

மறுபுறம், “பலமுறை நினைவூட்டினாலும் பதில் வரவில்லை” போன்ற தொடர்களை நாளிதழ்களில் அன்றாடம் காண்கிறோம். ‘ஆலும்’ ஈறு நடந்ததைச் சொல்லவும் வழக்கில் வந்துவிட்டது. இதை அடியோடு பிழை என்று தள்ள நான் முன்வரமாட்டேன். குறிப்பாக ‘எத்தனை’, ‘எவ்வளவு’, ‘யார்’ போன்ற வினாச் சொற்கள் முன்னால் வந்தால் அது முழு இயல்பாகவே ஒலிக்கிறது: “எத்தனை முறை கேட்டாலும் அவர் விடையளித்ததில்லை.” ஆனால் வினாச் சொல் இல்லாத இடத்தில், ஒருமுறை நடந்ததைச் சொல்லும்போது, ‘நினைவூட்டியும்’ அல்லது ‘நினைவூட்டியபோதிலும்’ என்று எழுதினால் ஐயத்துக்கே இடமிராது.

அந்த ஐயம் எங்கே உண்மையான சிக்கலாகிறது என்பதை மூன்று தொடர்களைப் பக்கத்தில் வைத்தால் காணலாம். “தலைவர் வந்திருந்தாலும் கூட்டம் நடந்திருக்காது” என்றால் தலைவர் வரவில்லை. “தலைவர் வந்திருந்தும் கூட்டம் நடக்கவில்லை” என்றால் தலைவர் வந்தார். “தலைவர் வந்திருந்தாலும் கூட்டம் நடக்கவில்லை” என்றால், முதன்மை வினை இறந்தகாலமாக இருப்பதால் அவர் வந்தார் என்றே பெரும்பாலோர் கொள்வர். ஆனால் எச்சத்தைப் படிக்கும்போது முதல் தொடரின் பொருளை எதிர்பார்த்து, முற்றைக் கண்டபின் திரும்பி வர வேண்டியிருக்கிறது. கூட்டக் குறிப்பேட்டில் ஒருவர் வருகை தந்தாரா என்பதே இப்படித் தடுமாறக் கூடாது.

‘செய்தும்’ என்னும் வடிவத்துக்கு ஒரு குறை உண்டு. அது இரட்டையாக வரும்போது எண்ணும்மையாகவும் நிற்கும்: “நேரில் சென்றும் கடிதம் எழுதியும் முறையிட்டனர்.” இங்கே மாறுபாடு எதுவும் இல்லை; இரண்டு வழிகளிலும் முறையிட்டனர் என்பதே பொருள். “நேரில் சென்றும் கடிதம் எழுதியும் பயனில்லை” என்றால் அதே வடிவம் மாறுபாட்டைச் சொல்கிறது. முற்று உடன்பாடாக இருந்து குழப்பம் வரும் என்று தோன்றினால் ‘போதிலும்’ என்பதற்கு மாறுவது நல்லது.

உம் ஏற்ற எச்சத்தை எழுதிவிட்டு நடுவில் ‘ஆனால்’ சேர்ப்பது இன்னொரு பரவலான வழு: “பலர் எதிர்த்தபோதிலும், ஆனால் தீர்மானம் நிறைவேறியது.” மாறுபாட்டை எச்சமே சொல்லிவிட்டது. ஒன்று ‘ஆனால்’ என்பதை நீக்க வேண்டும், அல்லது “பலர் எதிர்த்தனர், எனினும் தீர்மானம் நிறைவேறியது” என்று இரு தொடராக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ‘ஆல்’ என்பதை ‘இன்’ ஆக்கும்போது கவனிக்க வேண்டியவை

முறையான எழுத்தில் ‘செய்தால்’ என்பதைவிடச் ‘செய்யின்’ என்பது இறுக்கமாகவும் சட்டத் தொனியோடும் ஒலிப்பதால் பலர் அதை நாடுகின்றனர். அதில் தவறில்லை, ஆனால் ‘இன்’ ஈறு இறந்தகால அடியோடு சேராது. ‘இருந்தின்’, ‘அளித்தின்’ என்பன போன்ற வடிவங்கள் தமிழில் இல்லை. சரியான அடியை அறிய எதிர்கால முற்றைச் சொல்லிப் பார்க்கலாம். ‘அளிப்பார்’, ‘மறுப்பார்’, ‘இருப்பார்’ என்று ‘ப்ப்’ வந்தால் ‘அளிப்பின்’, ‘மறுப்பின்’, ‘இருப்பின்’. ‘செய்வார்’, ‘வருவார்’, ‘தவறுவார்’ என்று வகரம் வந்தால் ‘செய்யின்’, ‘வரின்’, ‘தவறின்’.

இவ்வடிவங்களில் சில, வேறு சொற்களின் தோற்றத்தைக் கொண்டவை. ‘அளித்தபின்’ என்பது காலம், ‘அளிப்பின்’ என்பது நிபந்தனை. “சான்றிதழ் அளிப்பின் பெயர் சேர்க்கப்படும்” என்பதை விரைந்து படிப்பவர் ‘அளித்தபின்’ என்றே படித்துவிடுவது உண்டு. ‘செலுத்தின்’ என்பதில் ஒரு புள்ளி விடுபட்டால் ‘செலுத்தின’ என்னும் பலவின்பால் முற்றாகிவிடும். இத்தகைய வினைகளில் ‘செலுத்தினால்’ என்றோ ‘செலுத்துவாராயின்’ என்றோ எழுதிவிடுவது பாதுகாப்பு.

‘ஆயின்’, ‘எனில்’, ‘ஏயானால்’ ஆகியவை முழு வினைமுற்றை அடுத்து வருபவை. அந்த முற்று தன் எழுவாயோடு திணை, பால், எண் ஆகியவற்றில் ஒத்திருக்க வேண்டும் என்பதே இங்கே கூடுதல் கடமை: ‘விண்ணப்பதாரர் செலுத்துவாராயின்’, ‘விண்ணப்பதாரர்கள் செலுத்துவார்களாயின்’, ‘தொகை செலுத்தப்படுமாயின்’. ‘செலுத்தினால்’ என்பதில் இந்தக் கவலை இல்லை. அது எல்லா எழுவாய்க்கும் பொது. ஆகவே ‘ஆல்’ ஈற்றில் எழுதிய வரைவை ‘ஆயின்’ ஈற்றுக்கு மாற்றும்போதுதான் இந்தப் பிழை நுழைகிறது.

இதற்கு ஈடாக ஒரு நன்மையும் உண்டு. முற்றில் காலம் வெளிப்படுவதால், ‘ஆல்’ மறைக்கும் வேறுபாட்டை ‘எனில்’ காட்டிவிடும். ‘செலுத்தவில்லையெனில்’ என்றால் இன்றுவரை செலுத்தாத நிலை. ‘செலுத்தாவிடில்’ என்றால் இனிச் செலுத்தத் தவறும் நிலை. “முதல் தவணையை இதுவரை செலுத்தவில்லையெனில் உடனே செலுத்தவும், இம்மாத இறுதிக்குள் செலுத்தாவிடில் ஒதுக்கீடு நீக்கப்படும்” என்னும் தொடரில் இரண்டையும் இடம் மாற்றினால் பொருள் கெடும்.

ஆறாம் படி: ‘மட்டுமே’, ‘அன்றி’ வரும் தொடர்கள்

‘செய்தால் மட்டுமே’, ‘செய்தால்தான்’ ஆகியவை உடன்பாட்டு முற்றோடு முடிய வேண்டும்: “முன்பதிவு செய்தால் மட்டுமே அனுமதி வழங்கப்படும்.” ‘செய்தாலன்றி’, ‘செய்தாலொழிய’ ஆகியவை எதிர்மறை முற்றோடு முடிய வேண்டும்: “முன்பதிவு செய்தாலன்றி அனுமதி வழங்கப்படாது.” இரண்டு தொடரும் ஒரே விதியைத்தான் சொல்கின்றன. எச்சத்தை ஒன்றிலிருந்தும் முற்றை மற்றொன்றிலிருந்தும் எடுத்தால் விதி தலைகீழாகும். அழுத்தம் வேண்டி “முன்பதிவு செய்யாவிட்டாலன்றி அனுமதி வழங்கப்படாது” என்று எழுதுவோரும் உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் கொண்டால், முன்பதிவு செய்யாதவருக்குத்தான் அனுமதி. ‘அன்றி’ என்பதே ஓர் எதிர்மறை என்பதை மறப்பதால் வரும் வினை இது.

ஒரு வரைவைத் திருத்திப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்காக, ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் அறிவிப்பு வரைவு ஒன்றை அமைத்துக்கொள்வோம்:

“ஆண்டுப் பொதுக்கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு நடைபெறும். மழை பெய்தபோதிலும் கூட்டம் நடைபெறும். பலமுறை நினைவூட்டினாலும் சிலர் சந்தா செலுத்தவில்லை. சந்தா செலுத்தாத நிலையில் வாக்குரிமை இராது. நேரில் வர இயலாதவர்கள் முன்கூட்டியே தெரிவிப்பாராயின் பதிலாளை அனுப்பலாம். எழுத்து மூலம் ஒப்புதல் அளிக்காவிட்டாலன்றி பதிலாள் அனுமதிக்கப்படமாட்டார். சென்ற ஆண்டு போதிய உறுப்பினர்கள் வந்தால் விதித் திருத்தம் அப்போதே நிறைவேறியிருக்கும்.”

இரண்டாம் தொடரில் மழை இனி வரக்கூடியது. எனவே ‘பெய்தாலும்’ அல்லது ‘பெய்யினும்’ என்று மாற்ற வேண்டும். மூன்றாம் தொடரில் நினைவூட்டல் நடந்துவிட்டது. சிலர் செலுத்தாததும் நடந்ததே. எனவே ‘நினைவூட்டியும்’. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு தொடரிலும் ஈறுகள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று அமர்ந்திருக்கின்றன.

நான்காம் தொடரில் உள்ள ‘நிலையில்’ சிக்கலானது. செய்தி நடையில் ‘நிலையில்’ என்பது நடந்துகொண்டிருக்கும் சூழலைச் சொல்லப் பயன்படுகிறது: “தேர்தல் நெருங்கும் நிலையில்” என்றால் தேர்தல் நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதே சொல்லை நிபந்தனைக்கும் கையாண்டால், ‘செலுத்தாத நிலையில்’ என்பது முன்தொடரில் சொன்ன சிலரை மட்டும் சுட்டுவதாகக் கொள்ள இடமுண்டு. விதியைச் சொல்வதே நோக்கமென்றால் “கூட்டத்துக்கு முன் சந்தா செலுத்தாவிடில் வாக்குரிமை இராது” என்று எழுத வேண்டும். ‘பட்சத்தில்’ என்பது நிபந்தனையை ஐயமின்றிச் சொல்லும். நீளமும் வடமொழிச் சாயலும் பிடிக்காதவர்கள் ‘செலுத்தாவிடில்’ என்றே விடலாம்.

ஐந்தாம் தொடரில் எழுவாய் ‘இயலாதவர்கள்’ என்று ‘கள்’ ஏற்று நிற்பதால் ‘தெரிவிப்பார்களாயின்’ என்று வர வேண்டும். இங்கே நான் “நேரில் வர இயலாதவர்கள், முன்கூட்டியே தெரிவித்தால், பதிலாளை அனுப்பலாம்” என்று எளிமையாக்கிவிடுவேன்; ‘ஆயின்’ இங்கே கூடுதலாக எதையும் தரவில்லை. ஆறாம் தொடரில் ‘அளித்தாலன்றி’ என்று மாற்றினால் போதும். ‘அனுமதிக்கப்படமாட்டார்’ என்பது உயர்திணை எழுவாய்க்குப் பொருந்துகிறது. ‘அனுமதி வழங்கப்படமாட்டாது’ என்று அஃறிணைக்கு எழுதுவதைவிட ‘வழங்கப்படாது’ என்று எழுதுவது செவிக்கு இனிது என்பது என் எண்ணம். ஏழாம் தொடர், முன்பாதியில் ‘இரு’ குறைந்த வகை: ‘வந்திருந்தால்’.

திருத்திய வடிவம் இது:

“ஆண்டுப் பொதுக்கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு நடைபெறும். மழை பெய்தாலும் கூட்டம் நடைபெறும். பலமுறை நினைவூட்டியும் சிலர் சந்தா செலுத்தவில்லை. கூட்டத்துக்கு முன் சந்தா செலுத்தாவிடில் வாக்குரிமை இராது. நேரில் வர இயலாதவர்கள், முன்கூட்டியே தெரிவித்தால், பதிலாளை அனுப்பலாம். எழுத்து மூலம் ஒப்புதல் அளித்தாலன்றிப் பதிலாள் அனுமதிக்கப்படமாட்டார். சென்ற ஆண்டு போதிய உறுப்பினர்கள் வந்திருந்தால் விதித் திருத்தம் அப்போதே நிறைவேறியிருக்கும்.”

‘அன்றி’ என்பதை அடுத்து வல்லினம் மிகுவதால் ‘அன்றிப் பதிலாள்’ என்று வந்திருப்பதைக் கவனிக்கலாம். ‘ஆல்’, ‘எனில்’ ஆகியவற்றுக்குப் பின் இக்கால உரைநடையில் அவ்வாறு மிகுவதில்லை. ‘செலுத்தாவிடில்’, ‘வராவிட்டால்’ ஆகியவற்றை ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுத வேண்டும். ‘வரா விட்டால்’ என்று பிரித்தால் ‘விட்டால்’ தனி வினையாகத் தோன்றும்.

இரண்டு நிபந்தனைகள் ஒரே தொடரில் வரும்போது

ஒப்பந்தங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக நிபந்தனைகள் அடுக்கப்படுவது இயல்பு. “வாடகைதாரர் வீட்டைக் காலி செய்ய விரும்பினால் ஒரு மாதத்துக்கு முன் தெரிவிக்காவிட்டால் முன்பணத்தில் ஒரு மாத வாடகை கழிக்கப்படும்” என்னும் தொடரில் ‘கழிக்கப்படும்’ என்பதோடு இரண்டு எச்சங்களும் முட்டி மோதுகின்றன. “விரும்பினால் என்ன ஆகும்?” என்று முதற்படியின் கேள்வியைக் கேட்டால் ‘கழிக்கப்படும்’ என்பது விடையாகாது, ‘தெரிவிக்க வேண்டும்’ என்பதே விடை. அந்த வினை தொடரிலேயே இல்லை. அதனால்தான் தொடர் தள்ளாடுகிறது.

இரண்டு எச்சமும் சேர்ந்து ஒரே விளைவுக்குக் காரணம் என்றால், ‘விரும்பி’, ‘தவறி’ போன்ற வினையெச்சத்தால் ஒன்றை மற்றொன்றோடு கோத்து, கடைசியில் மட்டும் நிபந்தனை ஈற்றை வைக்கலாம்: “வாடகைதாரர் காலி செய்ய விரும்பி, அதை ஒரு மாதத்துக்கு முன் தெரிவிக்கத் தவறினால்...” ஒன்று கடமையையும் மற்றொன்று தவறியதன் விளைவையும் சொல்வதென்றால், ஒவ்வொன்றுக்கும் தனி முற்றுத் தர வேண்டும்: “வாடகைதாரர் வீட்டைக் காலி செய்ய விரும்பினால் ஒரு மாதத்துக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், அவ்வாறு தெரிவிக்காவிடில் முன்பணத்தில் ஒரு மாத வாடகை கழிக்கப்படும்.” ஒப்பந்தத்தில் நான் இரண்டாவதையே எழுதுவேன். தகராறு வந்தால், தெரிவிப்பது வாடகைதாரரின் கடமை என்பதை முதல் வடிவத்திலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கும். இரண்டாவதில் அது ‘வேண்டும்’ என்று எழுத்திலேயே இருக்கிறது.